வேகமான லைனில் வீடியோ கால் ஏன் திக்குகிறது: பஃபர்ப்ளோட்டும் ரவுட்டரில் எஸ்க்யூஎம் போடும் முறையும்

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ் காட்டும். ஆனால் வீட்டில் யாராவது போனிலிருந்து போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால், என் வீடியோ காலில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். சேவை நிறுவனத்தை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "உங்க லைன் சரியாத்தான் இருக்கு சார்" என்றார்கள். பிறகு பெரிய பிளானுக்கு மாறினேன். அதில்தான் டவுன்லோடு இரண்டு மடங்காகி இந்த 94-க்கு வந்தது, அப்லோடு பழைய 20 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றது. திக்கல் கொஞ்சமும் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று புரிந்த பிறகு, சரிசெய்ய ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அந்த மாலையில் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்கள் பிளானை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.

1. முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள் (15 நிமிடம்)

வைஃபையில் சோதிக்காதீர்கள். வைஃபைக்கென்று தனியாக ஒரு தாமதம் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொண்டால் கடைசிவரை எது எதனால் என்று தெரியாது. கணினியை ரவுட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள். பிறகு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஒரு சின்னச் செய்தி இணையத்துக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ஓடவிடுங்கள்:

```
ping -t 1.1.1.1
```

விண்டோஸில்தான் `-t` வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் அது இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 9 மில்லி வினாடி வந்தது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய கோப்பு ஒன்றைக் கிளவுடில் ஏற்றுங்கள், அல்லது ஸ்பீடு டெஸ்ட் ஒன்றைத் தட்டிவிடுங்கள். எனக்கு டவுன்லோடின்போது 85 வரை போனது. அப்லோடின்போது 480-ஐத் தொட்டது. ஏறக்குறைய அரை வினாடி. ஒருவர் பேசி முடித்தாரா இல்லையா என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது இதனால்தான்.

இந்த எண்களை வைத்து மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வரலாம். யாரும் எதுவும் செய்யாதபோதே பிங் தாறுமாறாக ஆடினால் கேபிள், மோடம், லைன் இவற்றில் ஏதோ பழுது. இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. வீடு அமைதியாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் ஏறினால் நெரிசல் சேவை நிறுவனத்தின் பக்கம். அதற்கும் இது மருந்தல்ல. வீட்டில் யாராவது லைனை நிரப்பும்போது மட்டும் ஏறி, அவர் நிறுத்திய ஓரிரு வினாடியில் இறங்கினால் மேலே படியுங்கள்.

2. அரை வினாடி எங்கே போகிறது

இதைத் தாண்டிப் போக ஆசையாக இருக்கும். ஆனால் இந்தப் பகுதி புரியாவிட்டால் ஐந்தாம் படியில் போடும் எண்கள் வெறும் மந்திரமாகத்தான் இருக்கும்.

உங்கள் கணினியிலிருந்து ரவுட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் கேபிள். அங்கிருந்து வெளியே போகும் பாதை 20 எம்பிபிஎஸ். அகல வாய்ப் புனலில் மளமளவென்று ஊற்றினால் கீழே மூக்கு வழியாக மெல்லத்தான் வடியும், மீதி புனலிலேயே தேங்கும். அப்படித் தேங்கும் இடம்தான் மோடத்தில் உள்ள பஃபர். பஃபர் இருப்பது தவறில்லை. அது தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதுதான் பஃபர்ப்ளோட்.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? கோப்பை அனுப்பும் கணினிக்கு லைனின் வேகம் எவ்வளவு என்று தெரியாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தரவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பிரித்துத்தான் அனுப்பும்; ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் 'அளவுக்கு மீறிவிட்டோம்' என்று குறைக்கும். பெரும்பாலான கணினிகள் இன்றும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பெரிய பஃபரோ ஒரு பாக்கெட்டையும் கீழே போடாமல் எல்லாவற்றையும் விழுங்கி வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை போய்ச்சேராததால் வரிசை முழுக்க நிரம்பும்வரை கணினி தள்ளிக்கொண்டே இருக்கும், நிரம்பிய பிறகும் அந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

என் எண்களிலேயே கணக்குப் போடலாம். லைனின் உண்மையான அப்லோடு 19.2 எம்பிபிஎஸ். கூடுதல் தாமதம் 480-இல் 9 போக 471 மில்லி வினாடி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 90 லட்சம் பிட்கள், அதாவது 1.1 மெகாபைட்டுக்குச் சற்றுக் கூடுதல். ஒரே ஒரு போட்டோ அளவுக்கு என் மோடத்தில் வரிசை நின்றிருக்கிறது. குரல் அழைப்பு பொதுவாக 20 மில்லி வினாடிக்கு ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பும். அந்தச் சின்னப் பாக்கெட் ஒவ்வொன்றும் போட்டோவுக்குப் பின்னால் அரை வினாடி காத்துக் கிடந்தது.

டவுன்லோடை இரண்டு மடங்காக்கியும் ஏன் ஒன்றும் மாறவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தேக்கம் அப்லோடு பக்கம். அதன் வேகமும் பஃபரும் அப்படியே இருந்தன.

3. எஸ்க்யூஎம் செய்வது இரண்டே வேலை

ஸ்மார்ட் க்யூ மேனேஜ்மென்ட், சுருக்கமாக எஸ்க்யூஎம். மோடத்தின் பஃபரை நம்மால் தொட முடியாது. ஆனால் அங்கே வரிசையே சேராமல் தடுக்க முடியும். லைன் தாங்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ரவுட்டரே அனுப்பினால், மோடத்தில் தேங்க ஒன்றும் இருக்காது. வரிசை நம் ரவுட்டருக்கு இடம் மாறிவிடும். இது முதல் வேலை.

நம் கைக்கு வந்த வரிசையை ஒழுங்காக நடத்துவது இரண்டாம் வேலை. கவுன்டரில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் 200 படிவங்களோடு வந்திருக்கிறார், உங்களிடம் இருப்பது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூஎம் ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை போட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக மாற்றி மாற்றி அனுப்பும். எப்போதாவது ஒன்று அனுப்பும் அழைப்பு உடனே போய்விடும். படிவக் கட்டோடு நிற்பவரின் வரிசை நீண்டுகொண்டே போனால், பாக்கெட்டை வேண்டுமென்றே கைவிட்டு 'மெதுவாக வா' என்று காலத்தோடு சொல்லிவிடும். `fq_codel`, `cake` என்று மெனுவில் நீங்கள் பார்க்கப்போகும் இரண்டும் இந்த வேலையைச் செய்பவைதான். புதியவர்கள் `cake` எடுத்துக்கொள்ளுங்கள், அமைக்க எளிது.

ரவுட்டர் பெட்டியில் 'கேமிங் க்யூஓஎஸ்' என்று அச்சிட்டிருப்பதை இதுவென்று நினைத்துவிடாதீர்கள். அவற்றில் பல, யார் முக்கியம் என்ற பட்டியலை மட்டும் கேட்கும். லைனின் வேகத்தைக் கேட்காது. வேகம் தெரியாமல் வரிசையை மோடத்திலிருந்து இங்கே இழுக்க முடியாது. என் பழைய ரவுட்டரில் அந்தப் பட்டியலோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பிங் அதே 480.

4. ரவுட்டரும் கையில் வைத்திருக்க வேண்டிய குறிப்புகளும்

உங்கள் ரவுட்டரிலேயே இந்த வசதி இருக்கலாம். மைக்ரோடிக் ரவுட்டர்களில் ரவுட்டர்ஓஎஸ் ஏழாம் பதிப்பில் `cake`, `fq_codel` இரண்டும் உண்டு. யூபிக்விட்டியில் `Smart Queues` என்ற பெயரில் இருக்கும். ஓபிஎன்சென்ஸில் ஷேப்பர் பகுதியில் `FQ_CoDel` கிடைக்கும். இல்லாவிட்டால் ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, OpenWrt என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். கீழே வரும் படிகள் அதற்கானவை. மற்றவற்றில் மெனு வேறு, எண்களைத் தேடும் முறை ஒன்றே.

ஃபர்ம்வேர் ஏற்றும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏற்றும்போது இணையம் இருக்காது, பிறகு தேட முடியாது:

- ரவுட்டரின் மாடல் எண்ணும், அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள வன்பொருள் பதிப்பும். `v1`-க்கு உரிய கோப்பை `v2`-இல் ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடலாம். உங்கள் பதிப்பு OpenWrt தளத்தின் வன்பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
- சேவை நிறுவனத்தின் இணைப்பில் உள்நுழைய பிபிபிஓஇ முறை இருந்தால் அதன் பயனர் பெயர், கடவுச்சொல். விலான் எண் இருந்தால் அதுவும். இவை தெரியாவிட்டால் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய பிறகே தொடங்குங்கள்.
- தயாரிப்பாளரின் பழைய ஃபர்ம்வேர் கோப்பு, கணினியில் ஒரு பிரதி.

ரவுட்டரின் செயலி இன்னொரு வரம்பு. ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி வரிசைப்படுத்துவது செயலியின் வேலை. பழைய ஒற்றைக் கோர் ரவுட்டர் ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸை ஓட்டிவிடலாம், 500-க்கு மூச்சுத் திணறும். 1000 எம்பிபிஎஸ் லைன் வைத்திருந்து முழு வேகத்தையும் வேண்டுபவர்கள் வலுவான ரவுட்டரோ சின்ன x86 கணினியோ வைத்துக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று, வீட்டின் எல்லாப் போக்குவரத்தும் இந்த ஒரே ரவுட்டர் வழியாகப் போக வேண்டும். சேவை நிறுவனம் தந்த பெட்டியிலும் வைஃபை இருந்து, டிவி அதில் ஒட்டிக்கொண்டிருந்தால், டிவியின் போக்குவரத்து எஸ்க்யூஎம் கண்ணிலேயே படாது. அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

5. அமைப்பது (அரை மணி நேரம்)

OpenWrt-இன் நிர்வாகப் பக்கத்தில் `System → Software` போய்ப் பட்டியலைப் புதுப்பித்து, `luci-app-sqm` என்பதை நிறுவுங்கள். பக்கத்தை மறுபடி ஏற்றினால் `Network → SQM QoS` என்று புதிய மெனு வந்திருக்கும்.

அதற்குள் போகும் முன் `Network → Firewall` பக்கத்தில் `flow offloading` என்று இருப்பவற்றை அணையுங்கள். வேகத்துக்காகப் பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பும் வசதி அது. குறுக்குவழியில் போனவை வரிசைக்கு வராது. எஸ்க்யூஎம் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது எஸ்க்யூஎம் பக்கம். முதலில் இன்டர்ஃபேஸ். பிபிபிஓஇ என்றால் `pppoe-wan`, இல்லாவிட்டால் வெளிலைன் செருகியிருக்கும் `wan` போன்ற பெயர். தவறி வீட்டுக்குள் இருக்கும் லேன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் திசை தலைகீழாகி, அப்லோடுக்குப் போட்ட எண் டவுன்லோடைப் பிடித்துக்கொள்ளும். 94 வர வேண்டிய இடத்தில் 17 வந்தால் காரணம் இதுதான்.

அடுத்து வேகம். பிளானில் எழுதியிருக்கும் எண்ணைப் போடாதீர்கள். கேபிளில், வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு முறை நீங்களே அளந்ததில் 90 சதவீதம் போடுங்கள். அலகு கிலோபிட். அதாவது 84.6 எம்பிபிஎஸ் என்றால் 84600. நான் முதல் தடவை 84 என்று போட்டேன். வீட்டுக்கே 84 கிலோபிட்! நிர்வாகப் பக்கம் உள்ளூரில் திறந்ததால் தப்பித்தேன், இணையத்தில் எதுவும் நகரவில்லை.

`Queue Discipline` தாவலில் `cake`, அதற்குக் கீழே `piece_of_cake.qos`. `Link Layer Adaptation` தாவலில் ஈதர்நெட்டைத் தேர்ந்து, ஓவர்ஹெட் 44 என்று போடுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டோடும் வெளிலைனில் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் உறையின் எடை அது. சற்றுக் கூடுதலாகச் சொன்னால் துளி வேகம்தான் போகும். குறைத்துச் சொன்னால், சின்னப் பாக்கெட்டுகள் நிறையப் போகும் நேரத்தில் மோடத்தில் மறுபடி வரிசை சேரும். பழைய தொலைபேசிக் கம்பி ஏடிஎஸ்எல் லைனில் இருப்பவர்கள் மட்டும் ஈதர்நெட்டுக்குப் பதில் `ATM` தேர்ந்தெடுங்கள்.

கடைசியில் `/etc/config/sqm` கோப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
config queue 'wan'
    option enabled '1'
    option interface 'pppoe-wan'
    option download '84600'
    option upload '17300'
    option qdisc 'cake'
    option script 'piece_of_cake.qos'
    option linklayer 'ethernet'
    option overhead '44'
```

6. எண்ணைத் தேடுவது

பொறுமை வேண்டியது இங்கேதான். ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் தொடுங்கள். அப்லோடிலிருந்து தொடங்குங்கள், அதுதான் பெரும்பாலும் பெரிய வலி.

17300 போட்டுக் கோப்பை ஏற்றியபடி பிங்கைப் பார்த்தேன். 480 இருந்த இடத்தில் 14. சத்தியமாக, கட்டளை நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 18000-இல் 15. 18500-இல் 16. 19000 வைத்ததும் 60-க்கு எகிறியது. அந்த இடத்தில் மோடத்தின் பஃபர் மறுபடி நிரம்பத் தொடங்குகிறது என்று அர்த்தம். எல்லையைக் கண்டபின் விளிம்பில் நிற்காமல் 18200-க்கு இறங்கி நிறுத்தினேன். 19.2-இல் ஒரு எம்பிபிஎஸ் போயிற்று. 465 மில்லி வினாடி மிச்சம். எனக்கு இது லாபமான வியாபாரம்.

டவுன்லோடு இவ்வளவு கீழ்ப்படியாது. அங்கே வரிசை சேர்வது லைனின் மறுமுனையில், சேவை நிறுவனத்தின் கருவியில். வந்து சேர்ந்த பாக்கெட்டைத்தான் நம் ரவுட்டரால் கைவிட முடியும்; அதைக் கண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்தச் சுற்று வழியால் கூடுதல் இடைவெளி விட வேண்டியிருக்கும். எனக்கு 84600-இல் பிங் 20, 88000-இல் 24. அதே 88000 இரவு ஒன்பது மணிக்கு 40 ஆனது. அதனால் 87000-இல் வைத்தேன். உங்கள் லைன் மாலையில் தொய்ந்தால், எண்ணை மாலையில் அளந்தே முடிவு செய்யுங்கள். காலையில் கிடைத்த அழகான எண் இரவில் உதவாது.

லைன் நிரம்பியிருக்கும்போது பிங் கூடுதலாக 20, 30 மில்லி வினாடிக்குள் நின்றால் போதும். அதற்கும் கீழே துரத்துவது பொழுதுபோக்கு. வேஃபார்ம் தளத்தின் பஃபர்ப்ளோட் சோதனை இதையே தரவரிசை எழுத்தாகக் காட்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு `networkQuality` என்ற கட்டளை கணினியிலேயே இருக்கிறது.

4ஜி, 5ஜி மோடத்தில் இருப்பவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே லைனின் வேகமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். குறைந்த வேகத்துக்கு எண்ணைக் கட்டினால் நல்ல நேரத்தில் பாதி வீணாகும். கூட்டி வைத்தால் கெட்ட நேரத்தில் பழைய கதை. பிங்கைப் பார்த்து எண்ணைத் தானே ஏற்றி இறக்கும் `cake-autorate` என்ற ஸ்கிரிப்ட் OpenWrt-இல் இதற்காக இருக்கிறது.

7. வேலை செய்கிறதா, செயலி தாங்குகிறதா

கட்டளைச் சாளரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ரவுட்டருக்குள் நுழைந்து இதைக் கொடுங்கள்:

```
tc -s qdisc show dev pppoe-wan
```

`qdisc cake` என்று தொடங்கும் வரியும், அதில் `bandwidth` என்பதற்குப் பக்கத்தில் நீங்கள் போட்ட அப்லோடு எண்ணும் தெரிய வேண்டும். கீழே கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். 'மெதுவாக வா' என்று சொல்வது அதுதான்.

`cake` தெரிகிறது, ஆனால் டவுன்லோடு நீங்கள் போட்ட எண்ணைத் தொடவே இல்லை, பிங்கும் ஆடுகிறது என்றால் செயலியைச் சந்தேகியுங்கள். ஸ்பீடு டெஸ்ட் ஓடும்போது ரவுட்டரில் `top` கொடுத்து, `idle` பூஜ்யத்தை நெருங்குகிறதா, `sirq` பெரும்பகுதியைத் தின்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் புது ரவுட்டர் வாங்க ஓடும் முன் ஒரு வழி இருக்கிறது. டவுன்லோடு எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். பூஜ்யம் என்றால் அந்தத் திசையில் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். 20 எம்பிபிஎஸ் போன்ற சின்ன அப்லோடை மட்டும் அடக்க ரவுட்டருக்குப் பெரிய பலம் தேவையில்லை. என் வீட்டில் 480-ம் 85-ம் இருந்ததில், 480-ஐ மட்டும் போக்கியிருந்தாலே அழைப்புகள் சரியாகியிருக்கும்.

எல்லாம் சரியானதும் `System → Backup / Flash Firmware` போய் அமைப்பை ஒரு கோப்பாக இறக்கி வையுங்கள். ரவுட்டரின் மேல் சின்னத் தாள் ஒன்றில் 87000, 18200 என்று எழுதி ஒட்டியும் வையுங்கள். நான் ஒட்டவில்லை. சில மாதம் கழித்துப் பிளான் 200 எம்பிபிஎஸ் ஆனபோது, எத்தனை முறை சோதித்தாலும் 87-ஐத் தாண்டவில்லை என்று வாடிக்கையாளர் சேவையில் இருபது நிமிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.